விடுப்பில் ஊர் போகிறவர்களின் எல்எல்ஆர் விண்ணப்பம்: ஆதாரா, பாஸ்போர்ட்டும் ஸ்லாட்டுமா?

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர், விடுப்பில் ஊருக்குப் போகும்போதே ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துவிட நினைக்கிறார்கள். அதற்கான முதற்படியான எல்எல்ஆர் விண்ணப்பத்தை sarathi.parivahan.gov.in தளத்தில் தொடங்கியதும் இரண்டு வழிகள் எதிரே நிற்கும். ஆதார் எண்ணைக் கொடுத்து அடையாளத்தை உறுதிசெய்வது ஒன்று. ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணம் செலுத்தி, ஆர்டிஓ அலுவலகத்தில் கணினித் தேர்வுக்கு ஸ்லாட் எடுப்பது மற்றொன்று.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை விடுப்பின் நீளமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எல்எல்ஆர் கிடைத்து 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். எல்எல்ஆரோ 6 மாதம் மட்டுமே செல்லும். ஜூலை 1 அன்று திருச்சியில் இறங்கி, ஆகஸ்டு 5 அன்று திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆதார் வழியில் வீட்டிலிருந்தே தேர்வெழுதும் வசதி அவருடைய விண்ணப்பத்துக்குக் கிடைத்து, ஜூலை 2 அன்றே தேறிவிட்டால், ஆகஸ்டு தொடக்கத்தில் ஓட்டுநர் தேர்வுக்கு அவருக்குச் சில நாள்கள் மிஞ்சும். ஸ்லாட் வழியில் ஜூலை 8தான் கிடைத்தது என்றால், 30 நாள் நிறைவதற்குள் விமானம் ஏறிவிடுவார். அந்த எல்எல்ஆர் ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்துவிடுவதால், பொங்கலுக்கு வந்து தேர்வெழுதலாம் என்ற கணக்கும் பலிக்காது. தீபாவளிக்கே வந்தாக வேண்டும்.

இப்படிப் பார்த்தால் ஆதார் வழியே மேல் என்பேன். ஆனால் அதன் ஓடிபி, ஆதாரோடு இணைத்த இந்திய எண்ணுக்கே வரும். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்த ப்ரீபெய்டு சிம் துண்டிக்கப்பட வாய்ப்புண்டு என்பதால், அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று புறப்படும் முன்பே சரிபார்க்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவை ஆதாரிலிருந்தே வந்து விழும். விண்ணப்பத்தில் அவற்றைத் திருத்த இயலாது. ஆதாரில் ‘செ. குமார்’ என்றும் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாகவும் இருந்தால், உரிமத்திலும் முன்னெழுத்தே ஏறும். பின்னாளில் வெளிநாட்டில் அந்த உரிமத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்ட நேரும்போது இந்த வேறுபாடு தொல்லையாகலாம் என்பதால், ஆதாரை முதலில் திருத்திக்கொள்வதே நல்லது.

எண்ணும் இல்லை, திருத்தவும் நேரமில்லை என்றால் ஸ்லாட் வழிதான். இங்கே வயதுக்கும் முகவரிக்கும் பாஸ்போர்ட் ஒன்றே போதும் என்பது பெரிய வசதி. ஆனால் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் புதுப்பித்த பாஸ்போர்ட்டாக இருந்தால், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே பிரிக்ஃபீல்ட்ஸ் முகவரி அச்சாகியிருந்தால், அது வயதுச் சான்றாக மட்டுமே உதவும். முகவரிக்கு வாக்காளர் அட்டை போன்ற ஊர் ஆவணம் ஒன்றைத் தனியே பதிவேற்ற வேண்டும். எந்த வழியில் போனாலும், 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் 1A-வையும் சேர்க்க வேண்டும் என்பதால், அதற்கு ஒரு நாளை ஒதுக்கிவிட்டே ஸ்லாட் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.