எக்கோ எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் குரல் பதிவைக் கொடுக்கும் முன்: சேலத்தில் எனக்கு நடந்தது

என் அம்மாயி அம்மாப்பேட்டையில் ஐம்பது வருடம் தறியோடு வாழ்ந்தவர். பாவு ஓட்டியது, தார் சுற்றியது, வெண்பட்டு வேட்டி நெய்து கூலி வாங்கியது என்று அவர் சொன்ன கதைகளைப் போன தை மாதம் 47 நிமிடம் பதிவு செய்தேன். ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது பேச்சு வரவில்லை. திரும்பப் பதிவு செய்ய வழியில்லாத குரல் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பதிவு செய்த இடம் என் தவறு. கன்னங்குறிச்சியில் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடி அறை. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். கிரகப்பிரவேசம் முடிந்து சாமான் எதுவும் ஏற்றவில்லை. தரை டைல்ஸ், மேலே கான்கிரீட், நாலு பக்கமும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவர். தெருச் சத்தம் கேட்காது, அமைதியாக இருக்கும் என்று அங்கே உட்கார வைத்தேன். போனை அவருக்கு மூன்று அடி தள்ளி ஒரு ஸ்டூலில் வைத்தேன். ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாகப் பதிவாகும்படி அமைத்திருந்தது ஒன்றுதான் நான் சரியாகச் செய்த காரியம்.

கேட்டுப் பார்த்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. நகரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கிருந்தவர் பத்து விநாடி கேட்டார். “அதெல்லாம் சுத்தமா எடுத்துரலாங்க, எக்கோவே இருக்காது” என்றார். 6,000 ரூபாய் பேசி, 4,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். ஒரு நிமிடம் மட்டும் செய்து காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து வந்த கோப்பை முதலில் போன் ஸ்பீக்கரில் கேட்டேன். நன்றாக இருப்பது போலத்தான் தோன்றியது. வாக்கியம் முடிந்ததும் பளிச்சென்று அமைதி. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவு ஹெட்போனில் கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அம்மாயி “பட்டு” என்றால் “பட்” என்று கேட்டது. “அச்சு” வெறும் “அச்” ஆகியிருந்தது. “தார்” சில இடங்களில் “தா”. ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில், அந்தக் கிணற்று முழக்கம் அப்படியே இருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

ஆத்தூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டு கோப்பையும் அவரிடம் கொண்டுபோனேன். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, டிராக் மெனுவில் `Spectrogram` என்பதைத் தேர்ந்தெடுத்தார். அலையாகத் தெரிந்த ஒலி, எந்த நேரத்தில் எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வண்ணப் படமாக மாறியது. என் பதிவில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஈரத் துணியால் இழுத்தது போல வண்ணம் வலப்பக்கம் தேய்ந்து தேய்ந்து மறைகிறது. அதுதான் அறையின் முழக்கம். கடைக்காரர் கொடுத்ததில் வாக்கியத்துக்குள் அதே தேய்ப்பு அப்படியே இருக்கிறது. வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் கத்தியால் வெட்டியது போல நேர்க்கோடு, அதற்கப்புறம் முழுக் கறுப்பு.

“இது எக்கோ எடுத்ததில்லைங்க, கேட் போட்டது” என்றார் நண்பர். நாய்ஸ் கேட் என்பது ஒரு கதவு. ஒலி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும், மேலே ஏறினால் திறக்கும். ஆள் பேசாதபோது கேட்கும் முழக்கத்தின் வால் அறுந்துபோகும். பேசும்போது கதவு திறந்துதான் இருக்கும், குரலோடு சேர்ந்து முழக்கமும் உள்ளே வரும். தமிழுக்கு இதில் தனிக் கேடு ஒன்று உண்டு. பட்டு, அச்சு, பாக்கு போன்ற சொற்களின் கடைசியில் வருவது குற்றியலுகரம். பாதி நீளம்தான், சொல்லிலேயே மெலிந்த ஒலியும் அதுதான். கதவு முதலில் விழுங்குவது அதைத்தான்.

கேட்டுக்கு முன்னால் கம்ப்ரஸரும் போட்டிருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. கம்ப்ரஸர் உரத்த ஒலியை அமுக்கும். பிறகு மொத்தத்தையும் ஏற்றும்போது மெல்லிய ஒலி மேலே வந்துவிடும். முழக்கத்தின் வால் மெல்லிய ஒலிதான், அதனால் அதுவும் சேர்ந்து ஏறும். வாக்கியத்துக்குள் கிணறு பெரிதானதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. திருப்பிக் கொடுத்தது வேவ் கோப்புதான். ஆனால் படத்தில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவுமே இல்லை, அட்டம் போட்டது போல ஒரே கோடு. என் பதிவில் அந்த இடத்தில் மெல்லிய இரைச்சல் தெரிகிறது. நடுவில் எங்கேயோ எம்பி3 ஆகச் சுருக்கி, மறுபடி வேவ் ஆக மாற்றித் தந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

முழக்கத்தை இரைச்சல் போல எடுக்க முடியாததற்குக் காரணம் எளிது. மின்விசிறிச் சத்தம் ஒரே சீராக ஓடும். ஆள் பேசாத இரண்டு விநாடியை மாதிரியாகக் காட்டினால் மென்பொருள் அதை அடையாளம் கண்டு கழித்துவிடும். முழக்கமோ அம்மாயியின் குரலேதான். சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்த அவருடைய அதே “பட்டு”, அதே சுருதி, கொஞ்சம் தாமதம். ஏற்காட்டுச் சரிவில் எதிர்ப் பாறையைப் பார்த்துக் கூவினால் கூவல் தனியாகத் திரும்பி வரும், அது எதிரொலி. 12 அடி அறையில் அந்தப் பிரதிகள் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு இடைவெளியில் நூற்றுக்கணக்கில் வந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. “பட்டு”வில் நாக்கு ஒட்டி நிற்கும் ட்-டு இடையே ஒரு சின்ன மௌனம் இருக்கிறதல்லவா, அந்த மௌனத்தை “ப”வின் பிரதிகள் நிரப்பிவிடும். முழங்கும் அறையில் வல்லின இரட்டிப்பு மழுங்கிக் கேட்பது அதனால்தான்.

எவ்வளவு நேரம் முழங்கும் என்பதற்கு சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கொடுத்த கணக்கு உண்டு. அறையின் கன அடியை 0.049-ஆல் பெருக்கி, பரப்புகள் உறிஞ்சும் அளவால் வகுக்க வேண்டும். வருவது சத்தம் 60 டெசிபல் இறங்க ஆகும் விநாடி. என் அறை 1,200 கன அடி. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 680 சதுர அடி. பூச்சுச் சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்தால் 20 சதுர அடிக்குச் சமம். கணக்குப்படி கிட்டத்தட்ட 2.9 விநாடி. கதவு, ஜன்னல், இரண்டு ஆட்கள் இருந்ததைக் கழித்தாலும் இரண்டு விநாடிப் பக்கம் வரும். அப்படிப்பட்ட அறையில் நேராக வரும் குரலும் முழக்கமும் சமமாகும் தூரம் வாயிலிருந்து முக்கால் அடிதான். நான் போனை வைத்தது மூன்று அடியில். அங்கே முழக்கம் குரலைவிட ஏறக்குறைய 12 டெசிபல் மேலே நிற்கும். அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு “எக்கோவே இருக்காது” என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

நண்பர் என் முதல் கோப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நல்லவேளையாக மெமரி கார்டில் ஒரு நகல் வைத்திருந்தேன். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை வெட்டினார். பிறகு ஐசோடோப் ஆர்எக்ஸ் என்ற ஒலி சீர்செய்யும் மென்பொருளில் `De-reverb`. இது முழக்கம் எப்படித் தேய்கிறது என்று மதிப்பிட்டு, ஒவ்வொரு சுருதியிலும் அந்த வாலைக் குறைப்பது. ஒரே தடவையில் அதிகமாகக் கொடுத்தபோது அம்மாயி தண்ணீருக்கடியில் தகர டப்பாவில் பேசுவது போல ஆனது. அளவைக் குறைத்து இரண்டு முறை லேசாக ஓட்டினார்.

அப்போது அவர் செய்த சோதனையைத்தான் இந்தப் பதிவைப் படிப்பவர்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த மென்பொருளில் `Output reverb only` என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்தால் எடுத்து எறியப் போவது மட்டும் கேட்கும். அதில் வெறும் மூட்டமான ஓசை கேட்டால் சரி. முதல் தடவை கேட்டபோது “ட்டு, ட்டு” என்று நாக்கு வெடிக்கும் ஒலி தெளிவாகக் கேட்டது. சொல்லையே எறிகிறோம் என்று அர்த்தம். அது கேட்காமல் போகும்வரை அளவை இறக்கினார். கடைசியில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் நாலு டெசிபல் குறைத்தார், டப்பாச் சத்தம் கொஞ்சம் அடங்கியது. கம்ப்ரஸர் தொடவே இல்லை. மெல்லப் பேசிய இடங்களைக் கையால் ஒவ்வொன்றாக ஏற்றினார்.

முழக்கம் போய்விட்டதா என்றால் இல்லை. நீண்ட வால் நன்றாகக் குறைந்திருக்கிறது. சுவரில் முதலில் பட்டு உடனே திரும்பும் பிரதிகள் குரலோடு அவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருப்பதால் அவை போகவில்லை. இப்போதும் அது ஒரு காலி அறைதான், ஆனால் அம்மாயி அறையின் அந்தக் கோடியிலிருந்து நம் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். “பட்டு” முழுதாகக் கேட்கிறது. 47 நிமிடத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசிய ஆறு நிமிடம் எதுவும் செய்ய முடியவில்லை, எழுத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

கடைக்குப் போய் இரண்டு படத்தையும் காட்டினேன். “உங்க ரெக்கார்டிங்கே சரியில்லைங்க, அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?” என்றார். அதை முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு ரூபாய்கூடக் கேட்டிருக்க மாட்டேன். 6,000 ரூபாய் திரும்பவில்லை.

போன வாரம் அம்மாயியின் தங்கையை அதே அறையில் பதிவு செய்தேன். நாமக்கல் பக்கத்தில் இருப்பதால் முட்டை அட்டை மலிவாகக் கிடைக்கிறது, அதை ஒட்டச் சொல்லிப் பலர் சொன்னார்கள். குரலின் கனத்த பகுதியை அது தடுப்பதே இல்லை. இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, தரையிலும் எதிர்ச் சுவரிலும் தடித்த ஜமுக்காளமும் ரஜாயும் போட்டேன். எல்லாம் சேர்த்து 100 சதுர அடி இருக்கும். அதில் பாதி ஒலியை அவை உறிஞ்சினால்கூட, அதே கணக்குப்படி முழக்கம் ஒரு விநாடிக்குக் கீழே வந்துவிடுகிறது. கை தட்டிப் பார்த்தபோது சுவருக்குச் சுவர் ஓடும் அந்தத் தகரச் சிலிர்ப்பு இல்லை. போனைச் சின்னம்மாயியின் மார்புக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டேன். அந்தக் கோப்பில் `De-reverb` போடவே வேண்டியிருக்கவில்லை.