வெங்காயத்தின் 16: மைட்டாசிஸில் எத்தனை, மியாசிஸில் எத்தனை?

வெங்காயச் செல்லில் 16 குரோமோசோம்கள். வேர் நுனியில் நடப்பது மைட்டாசிஸ், பூமொட்டின் மகரந்தப்பையில் நடப்பது மியாசிஸ். இரண்டிலும் குரோமோசோமின் இணைப்புப் புள்ளியான சென்ட்ரோமியரை மட்டும் எண்ணுங்கள். இரட்டித்த குரோமோசோமின் இரு பிரதிகளான குரோமேட்டிடுகளை எண்ணினால் கணக்கு குழம்பிவிடும்.

வேர் நுனியில் வேலை சுலபம். டி.என்.ஏ. இரட்டித்த பிறகும் 16 தான், ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமேட்டிடுகள். அனாஃபேஸ் என்ற கட்டத்தில் அவை பிரிவதால் செல்லுக்குள் சற்று நேரம் 32 இருக்கும். செல்லின் ஒவ்வொரு முனைக்கும் 16 ஆகப் போய், இரண்டு சேய் செல்களிலும் 16.

மகரந்தப்பையில்தான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு முறை பிரிகிறதே என்று 16, 8, 4 என எழுதிவிடுகிறார்கள். முதல் பிரிவில் ஒத்த குரோமோசோம்கள் சேர்ந்து 8 ஜோடிகளாக நிற்கும். ஜோடிதான் பிரிகிறது, சென்ட்ரோமியர் பிளப்பதில்லை. ஆகவே முனைக்கு 8, ஒவ்வொன்றிலும் இன்னும் இரண்டு குரோமேட்டிடுகள். எண்ணிக்கை பாதியாவது இங்கேதான். இரண்டாம் பிரிவு மைட்டாசிஸ் மாதிரி: சென்ட்ரோமியர் பிளந்து, 8 தற்காலிகமாக 16 ஆகி, சேய் செல்லுக்கு 8. மொத்தம் நான்கு செல்கள்.

சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி கூட்டிப் பார்ப்பது. இரட்டித்த 16 குரோமோசோம்களில் 32 குரோமேட்டிடுகள் இருந்தன. மைட்டாசிஸில் 2 × 16 = 32, மியாசிஸில் 4 × 8 = 32. நான்கு செல்களுக்கும் 4 என்று எழுதினால் கூட்டுத்தொகை 16. மீதி 16 எங்கே போயிற்று?

ஆனால் மொத்தம் சரியாக வந்தும் பிழை இருக்கலாம். முதல் பிரிவில் ஒரு ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போனால் 9, 9, 7, 7 என்று வரும். அதுவும் 32 தான். அதனால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே எண்ணத்தான் வேண்டும்.