லேப்டாப் வெளிச்சமா, ஜன்னல் வெயிலா: மங்கு எதனால் வருகிறது?

என் அண்ணன் மகள் பாம்பனில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். இடது கன்னத்தில் மங்கு படர ஆரம்பித்ததும் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். "அத்தை, ஸ்கிரீன் வெளிச்சத்துல முகம் கறுத்துச் சுருங்கிருமாம். நீலஒளியைத் தடுக்கிற சீரம் 899 ரூபா. உங்க கடையில கிடைக்குமா?"

மருந்துக்கடைக்காரி நான். விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் மங்கு ஏன் ஒரு கன்னத்தில் மட்டும் அடர்த்தியாக இருக்கிறது என்ற கேள்வி இடித்தது. லேப்டாப் நேர் எதிரில் இருக்கிறது. அதன் வெளிச்சம் இரண்டு கன்னத்திலும் ஒரே அளவில்தான் விழும். இடது பக்கம் இருந்தது கிழக்குப் பார்த்த ஜன்னல்.

போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, அவள் முகம் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தோம். துல்லியமான கருவி இல்லை, ஆனால் பத்து மடங்கா ஆயிரம் மடங்கா என்று தெரிந்துகொள்ள இது போதும். அறையை இருட்டாக்கி, லேப்டாப்பை முழு வெளிச்சத்தில் வெள்ளைப் பக்கமாக வைத்தபோது சுமார் 70 லக்ஸ். எல்.இ.டி. டியூப்லைட் மட்டும் எரிந்தபோது சுமார் 150. காலை ஒன்பதரைக்கு ஜன்னல் வழியே மேசையில் விழும் வெயில் பட்டையில் 60,000. வெளியே உச்சிவெயில் இன்னும் அதிகம், ஒரு லட்சத்தை ஒட்டி வரும்.

இனி கணக்குப் போடுங்கள். ஒன்பது மணி நேரம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வாங்கும் வெளிச்சம், அந்த ஜன்னல் வெயிலில் 38 விநாடி இருப்பதற்குச் சமம். டியூப்லைட்டின் ஒன்பது மணி நேரத்துக்கு 81 விநாடி. இரண்டும் சேர்ந்து இரண்டே நிமிடம். அவளோ தினமும் எட்டிலிருந்து பத்தரை வரை அந்தப் பட்டையில் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். லக்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியும் மொத்த வெளிச்சத்தின் அளவுதானே, நீலம் மட்டும் எவ்வளவு என்று சொல்லாதே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வெள்ளைத் திரையிலும் பகல் வெளிச்சத்திலும் நீலத்தின் பங்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கொஞ்சம் முன்பின் ஆனாலும் இந்த இடைவெளி மூடாது. போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து முழு வெளிச்சத்தில் பார்த்தாலும் அப்படியே.

அப்படியானால் நீலஒளிக் கதையே பொய்யா? இல்லை, அரை உண்மை. ஆய்வுக்கூடத்தில் தோல் செல்கள்மீது வலுவான நீலஒளி பாய்ச்சினால் அவை பாதிக்கப்படுவது நிஜம். விளம்பரங்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான், எவ்வளவு ஒளி பாய்ச்சினார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். இன்னொன்று நமக்கு நேரடியாகப் பொருந்துவது. 2010இல் வந்த ஓர் ஆய்வில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் தோலில் பாய்ச்சினார்கள். மாநிறத் தோலும் கறுத்த தோலும் கருமை ஏறி, பல நாள் அப்படியே இருந்தன. வெள்ளைத் தோலில் அந்தக் கருமை வரவில்லை. கருமை ஏற்றும் வேலையில் நீலம்–ஊதாப் பகுதிக்குத்தான் பெரிய பங்கு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆக, நீலஒளி நம் தோலைக் கறுக்க வைக்கும். அந்த அளவு நீலஒளி திரையிலிருந்து வருவதில்லை, சூரியனிலிருந்து வருகிறது.

சுருக்கம் வேறு விஷயம். அதில் முதல் குற்றவாளி புறஊதாக் கதிரின் 'ஏ' வகை. சாதாரண ஜன்னல் கண்ணாடி 'பி' வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும், 'ஏ' வகையை நிறைய உள்ளே விடும். அதனால்தான் கண்ணாடிக்குப் பின்னால் தோல் எரியாது, ஆனால் முதுமை தட்டும். 28 வருடம் வண்டி ஓட்டிய ஓர் அமெரிக்க ஓட்டுநரின் முகப்படம் 2012இல் மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடது பாதி மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. நம் ஊர் ஓட்டுநர்களுக்கு அது வலது பக்கம். முன்கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது, 'ஏ' வகையையும் தடுக்கும். பக்கக் கண்ணாடி அப்படியில்லை.

வீட்டு எல்.இ.டி. விளக்கில் புறஊதாக் கதிர் இல்லை என்றே சொல்லலாம். பழைய சுருள் சி.எஃப்.எல். பல்பு கொஞ்சம் கசியவிடும். மேசை விளக்காக ஒரு அடிக்கும் குறைவான தூரத்தில் மணிக்கணக்கில் வைத்துக்கொள்ளாவிட்டால் போதும்.

சரி, எதை வாங்குவது? நீலஒளி சீரத்தில் பெரும்பாலும் வைட்டமின் சி, நியாசினமைடு மாதிரிப் பொருட்கள்தான் இருக்கும். அவை தோலுக்கு நல்லவையாக இருக்கலாம், ஆனால் ஒளியை மறைக்கும் திரை அவற்றில் இல்லை. போனின் இரவு முறையும் மஞ்சள் திரை ஒட்டியும் தூக்கத்துக்காக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தோல் கணக்கில் இரண்டும் சேராது.

உண்மையான போட்டி சாதாரண சன்ஸ்க்ரீனுக்கும் நிறம் கலந்த சன்ஸ்க்ரீனுக்கும்தான். எஸ்.பி.எஃப். எண் முக்கியமாக 'பி' வகைக்கு, பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகள் 'ஏ' வகைக்கு. சுருக்கத்தைத் தடுக்க எஸ்.பி.எஃப். 50ம் நாலு கூட்டல் குறியும் உள்ள சாதாரண க்ரீமே போதும். ஆனால் பூசினால் கண்ணுக்குத் தெரியாத க்ரீம், கண்ணுக்குத் தெரியும் ஒளியை எப்படித் தடுக்கும்? மங்கு உள்ளவர்களுக்கு அங்கேதான் ஓட்டை. அதை அடைப்பது அயர்ன் ஆக்சைடு என்ற சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறமிகள். டப்பாவின் பின்னால் அந்தப் பெயரோ, சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களோ இருக்கும். மெக்சிகோவில் மங்கு நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது நிறமி சேர்ந்ததுதான் நன்றாகக் காத்தது. எதை வாங்கினாலும் முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் பூச வேண்டும். பட்டாணி அளவு தொட்டுத் தேய்த்தால் டப்பாவில் போட்ட எண் கிடைக்காது.

துணியை மட்டமாக நினைக்காதீர்கள். பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொள்கிறார்களே, அது எந்த க்ரீமையும்விடப் பெரிய காப்பு. துணியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் நீலமும் ஊடுருவும். மெல்லிய துப்பட்டா இந்தச் சோதனையில் தோற்றுவிடும், கறுப்புக் குடை ஜெயிக்கும். குடைக்குள் இருந்தாலும் காய்ந்த கடற்கரை மணல் புறஊதாவில் ஏறக்குறைய 15 சதவீதத்தையும், அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி முகத்தில் அடிக்கும். தனுஷ்கோடி போகிறவர்களுக்கு அதனால்தான் குடையோடு க்ரீமும் வேண்டும்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னது: மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பு, ஜன்னலுக்குத் தடித்த திரை போடு, ஸ்கூட்டரில் கிளம்பும்போது நிறமி சன்ஸ்க்ரீன் பூசு. கூடவே, மங்கு போக்கும் க்ரீம் என்று யாராவது ட்யூபைக் கொடுத்தால் தோல் டாக்டரைக் கேட்காமல் தொடாதே என்றேன். ஸ்டீராய்டு கலந்த ட்யூபை மாதக்கணக்கில் தேய்த்து, தோல் மெலிந்து ரத்த நரம்பு தெரிய என் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

நாலு மாதத்தில் மங்கின் ஓரம் கொஞ்சம் மங்கலாகியிருக்கிறது, போய்விடவில்லை. நிறமி க்ரீம் வெள்ளைச் சட்டைக் காலரில் ஒட்டுகிறது என்று சலித்துக்கொள்கிறாள். ஸ்கூட்டர் எடுக்கும் நாளில் மட்டும் பூசுகிறாளாம்.