சார்ஜ் ஏறவில்லை என்று கொடுத்தேன், நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்

வரிக்கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். மாதம் 20 ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்தாக வேண்டும். போன மாதம் 18 ஆம் தேதி காலையில் லேப்டாப்பின் மூலையில் "6% available (plugged in, not charging)" என்று வந்து நின்றது. சார்ஜரைப் பிடுங்கினால் மூன்று நிமிடத்தில் அணைந்துவிடும். சொருகி வைத்தால் ஓடுகிறது, ஆனால் மாட்டுவண்டி வேகம். எக்செல் ஃபைல் ஒன்று திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

அவசரத்தில் மதுரையில் எங்கள் ஏரியாவில் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பையன் தன் மேஜையில் கிடந்த சார்ஜரைச் சொருகினான், உள்ளே கொண்டுபோனான், ஐந்து நிமிடத்தில் வந்தான். "சார்ஜிங் ஐசி போயிருச்சு சார், மதர்போர்டு வேலை. பேட்டரியும் வீக். ரெண்டும் சேர்த்து 7,800 ஆகும்." என் சார்ஜரை நீட்டினேன். "அது வேண்டாம் சார், லேப்டாப் மட்டும் போதும்" என்றான். எவ்வளவு மரியாதையான கடை, பையைக்கூடச் சுமக்க விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

20 ஆம் தேதி மாலை போனபோது 100% காட்டியது. பணத்தை யுபிஐயில் போட்டேன். பில் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் "பில் வாங்குங்க" என்று சொல்கிறவன், கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து என் சார்ஜரைச் சொருகினால் மறுபடியும் அதே வாசகம். மறுநாள் திரும்பப் போனேன். அவன் தன் சார்ஜரைச் சொருகிக் காட்டினான், ஏறியது. "உங்க வீட்டு கரண்ட்ல பிரச்சினை சார்" என்றான்.

அன்று ராத்திரி சித்தி மகன் வந்தான். லேப்டாப் ரிப்பேர்தான் அவன் வேலை, வேறு ஊரில். லேப்டாப்பை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஒரு செய்தி வந்தது. 18 ஆம் தேதியிலிருந்தே வந்துகொண்டிருந்ததுதான். நான் படிக்காமலேயே ஒரு கீயைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

```
The AC power adapter wattage and type cannot be determined.
```

"அண்ணே, லேப்டாப் வாய் விட்டுச் சொல்லுது. நீங்க காதுல வாங்கல" என்றான்.

விஷயம் இதுதான். என் சார்ஜரின் முனை உருளையாக, நடுவில் மெல்லிய ஊசியோடு இருக்கும் வகை. அந்த ஊசி வழியாகக் கரண்ட் வருவதில்லை. உருளையின் உள்பக்கம் பிளஸ், வெளிப்பக்கம் மைனஸ், அவ்வளவில் மின்சாரம் முடிந்தது. நடு ஊசி அடையாளத்துக்கு மட்டும். சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப், "நான் 65 வாட்" என்று அந்த ஊசி வழியாகச் சொல்லும். அந்தத் தகவல் வராவிட்டால் லேப்டாப் சார்ஜரை நம்பாது. தான் ஓடுவதற்கு மட்டும் கரண்டை எடுத்துக்கொள்ளும், பேட்டரிக்கு விடாது, பிராசஸரின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தோம், ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழேயே நின்றது. மாட்டுவண்டிக்குக் காரணம் அதுதான். இப்படி வேகம் விழுவதும் சார்ஜ் ஏறாததும் ஒரே நாளில் தொடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரை.

ஆன் செய்யும்போது எஃப்2 தட்டி பயாஸ் என்னும் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தோம். பேட்டரி விவரம் இருக்கும் பக்கத்தில் சார்ஜர் எத்தனை வாட் என்று போட்டிருக்க வேண்டிய இடத்தில் வாட் எண்ணே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே முனை, அதே 65 வாட் சார்ஜர் இருந்தது. வாங்கிச் சொருகியதும் 65 என்று வந்தது, விண்டோஸுக்குள் போனால் சார்ஜ் ஏறியது, வேகமும் திரும்பியது. இந்த ஒரு சோதனைக்கு ஆன நேரம் பத்து நிமிடம், செலவு ஒன்றுமில்லை. கடைக்காரனும் முதல் ஐந்து நிமிடத்தில் இதைத்தான் பார்த்திருக்கிறான். தன் சார்ஜரில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்து ஐசி கதை சொன்னான்.

இரவல் சார்ஜர் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முனையும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், வாட் உங்களுடையதுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். 65 கேட்கும் மெஷினுக்கு 45 கொடுத்தால் சில மாடல்கள் மெதுவாக ஏற்றும், சில ஏற்றவே மாட்டா. பிறகு நல்ல போர்டைச் சந்தேகப்படுவீர்கள்.

மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் என் கதையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தம்பி என் சார்ஜரை அளந்து காட்டினான். மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து, சிவப்புக் கம்பியை உருளையின் உள்சுவரிலும் கறுப்பை வெளிப்பக்கத்திலும் தொட்டான், நடு ஊசியைத் தொடாமல். 19.5 வந்தது. சார்ஜர் மேல் அச்சடித்திருப்பதும் அதே 19.5 தான். இதை மட்டும் பார்த்தால் "சார்ஜர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவோம். அடையாளக் கம்பி அறுந்திருப்பதை வோல்ட் காட்டாது. தவிர, சும்மா இருக்கும்போது 19.5 காட்டும் சார்ஜர் சுமை ஏறும்போது படுத்துவிடுவதும் உண்டு. பிளக்கில் கரண்ட் இருந்தும் மீட்டரில் ஒன்றுமே வரவில்லை என்றால் சார்ஜர் செத்தது என்றே வைத்துக்கொள்ளலாம். சரியாக வந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். யுஎஸ்பி சி சார்ஜர் என்றால் இந்த மீட்டர் வேலையே வேண்டாம். லேப்டாப்போடு பேசி முடித்த பிறகுதான் அது முழு வோல்ட் கொடுக்கும். வேறு சார்ஜர் மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

என் சார்ஜரின் வயர், முனைக்கு இரண்டு விரற்கடை முன்னால் மடங்கியிருந்தது. தினமும் அடாப்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பழக்கம் எனக்கு. தம்பி அந்த இடத்தை வெட்டிப் பிரித்தான். இரண்டு தடித்த கம்பிகள் முழுசாக இருந்தன, அவற்றோடு வந்த தலைமுடி போன்ற மூன்றாவது கம்பி அறுந்திருந்தது. 7,800 ரூபாய் அந்தக் கம்பியில் போனது.

நல்ல சார்ஜரைச் சொருகியும் வாட் எண் வரவில்லை என்றால் அடுத்தது லேப்டாப்பில் சார்ஜர் சொருகும் துளை, அதாவது ஜாக். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், தூசி அடைப்போ கருகிய நிறமோ தெரியும். முனையை மெல்ல ஆட்டும்போது லேப்டாப்பின் சார்ஜ் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் ஜாக் தளர்ந்துவிட்டது. பல மாடல்களில் ஜாக் போர்டில் பற்றவைத்ததாக இருக்காது; சின்ன வயரோடு தனிப் பாகமாக வந்து சொருகியிருக்கும். அப்படி இருந்தால் கழற்றி வேறு மாட்டும் வேலைதான். அதற்கு யாராவது மதர்போர்டு கதை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் பேட்டரி. என் கதையின் கசப்பான பாதி இங்கேதான். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து தம்பி இதை அடித்தான்:

```
powercfg /batteryreport
```

அறிக்கையை எங்கே சேமித்தது என்று அதுவே காட்டும், பிரவுசரில் திறக்கலாம். மேலே DESIGN CAPACITY 42,000 mWh என்றும், FULL CHARGE CAPACITY 17,860 என்றும் இருந்தது. முதல் எண் பேட்டரி புதிதாக இருந்தபோது தாங்கியது, இரண்டாவது இப்போது தாங்குவது. பாதிகூட இல்லை. "புதுசு போட்டாங்கன்னு சொன்னீங்களேண்ணே?" என்றான். கீழே உருட்டினோம். Battery capacity history என்று ஒரு அட்டவணை, வாரவாரியாக. இந்தக் கணக்கை விண்டோஸ் வைத்திருக்கிறது. பேட்டரியை மாற்றினாலும் பழைய வரிகள் அழிவதில்லை. 18 ஆம் தேதி வரை 33,000க்கு மேல். கடையிலிருந்து வந்த பிறகு 17,860. அதாவது நான்கு வருடம் ஓடியும் எண்பது சதவீதம் தாங்கிக்கொண்டிருந்த என் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு, யாருடையதோ தேய்ந்துபோனதை மாட்டி, அதற்கு 3,300 வாங்கியிருக்கிறார்கள்.

அடி மூடியையும் திறந்து பார்த்தான். சிப் மாற்றினால் சூட்டுக்காற்று அடித்த தடமோ ஃபிளக்ஸ் பசையோ, அதைத் துடைத்த அடையாளமோ இருக்கும் என்றான். என் போர்டில் சார்ஜிங் பகுதியைச் சுற்றி நான்கு வருடத் தூசி மெல்லிய போர்வையாக அப்படியே கிடந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். தேய்ந்த பேட்டரியும் சார்ஜ் ஏறத்தான் செய்யும். சீக்கிரம் நிரம்பி சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். எனவே சார்ஜே ஏறாததற்குத் தேய்மானத்தைக் காரணம் சொன்னால் நம்பாதீர்கள். சார்ஜரின் வாட் சரியாகத் தெரிகிறது, ஜாக் இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் ஏறவில்லை, அறிக்கையில் பேட்டரியே வரவில்லை அல்லது எண்கள் தாறுமாறாக இருக்கின்றன என்றால்தான் பேட்டரி மேல் கை வையுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் சோதனையே வேண்டாம். உப்பிய பேட்டரி அது. அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு எடுத்துப் போங்கள். இன்னொன்று, 60 அல்லது 80 சதவீதத்தில் போய் நிற்கிறது என்றால் அது பழுதே இல்லை. பேட்டரி ஆயுளுக்காக லேப்டாப்போடு வரும் ஆப்பிலோ பயாஸிலோ அந்த வரம்பு போட்டிருக்கும், எடுத்துவிட்டால் ஏறும்.

அறிக்கையை பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடை முதலாளியிடம் போனேன். அட்டவணையை இரண்டு தடவை பார்த்தார். பையனைக் கூப்பிட்டுத் திட்டுவது போலத் திட்டினார். பேட்டரிக் காசு 3,300 யுபிஐயில் திரும்பி வந்தது. என் பழைய பேட்டரி "எங்க போச்சுன்னு தெரியல சார்". போர்டு வேலைக்கான 4,500ஐப் பற்றிக் கேட்டால், வேலை செய்தோம் என்றே நிற்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். யுபிஐ ரசீதும் துண்டுச் சீட்டும்தான் இருக்கிறது என்றேன்.

இப்போது புது சார்ஜர் வாங்கிவிட்டேன், பேட்டரி இன்னும் வாங்கவில்லை. யாருடையதோ அந்தப் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குகிறது. நீங்கள் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முந்தைய இரவே அந்த அறிக்கையை எடுத்து, பேட்டரியின் சீரியல் எண்ணோடு உங்களுக்கே மெயில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சார்ஜரையும் கையோடு கொண்டுபோய், திரும்ப வாங்கும்போது அதைச் சொருகி ஏறுகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.