ஒரே ஒரு பிட்டை வச்சு பேட்டரி வோல்டேஜ் அளக்குறது: ஃபர்ஸ்ட் ஆர்டர் டெல்டா சிக்மா, வருஷக்கணக்கா யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

மாடியில சோலார் பேனல், கீழ 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, அதோட வோல்டேஜை லாக் பண்ண ஒரு சின்ன போர்டு. அந்த போர்டுல ரெடிமேட் ஏடிசி சிப் எதுவும் கிடையாது, டெல்டா சிக்மா மாடுலேட்டரை நானே தனித்தனி பார்ட்ஸ்ல கட்டிருக்கேன், பல வருஷமா ஓடுது. இதை கட்ட நினைக்கிறவங்களுக்கு எது நல்லா வேலை செய்யுது, எங்க கோளாறு பண்ணும்னு எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

சர்க்யூட் சின்னதுதான். MCP6002 ஒன்னு, அதுல ரெண்டு ஆப்-ஆம்ப் இருக்கு. ஒன்னு பஃபர், பேட்டரி வோல்டேஜை நாலா வகுத்து உள்ள எடுக்கும். இன்னொன்னு இன்டகிரேட்டர், மைனஸ் பின்லருந்து அவுட்புட்டுக்கு 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர், பிளஸ் பின் சப்ளைல பாதி. இன்டகிரேட்டர் அவுட்புட் நேரா 74HC74 ஃப்ளிப் ஃப்ளாப்போட டி பின்னுக்கு போகுது, அதான் ஒரு பிட் குவான்டைசர். கியூ பின்லருந்து 100 கிலோ ஓம் வழியா திரும்ப மைனஸ் பின்னுக்கு, இன்புட்டும் அதே மாதிரி இன்னொரு 100 கிலோ ஓம் வழியா. கிளாக் 100 கிலோஹெர்ட்ஸ். அவ்ளோதான்.

நடக்குறது என்னன்னா, இன்புட் நடுவை விட ஏறினா இன்டகிரேட்டர் கீழ இறங்கும், அடுத்த கிளாக் வரும்போது ஃப்ளிப் ஃப்ளாப் அதை 0ன்னு பாக்கும், கியூ தரைக்கு போய் மைனஸ் பின்லருந்து கரண்டை இழுக்கும், இன்டகிரேட்டர் திரும்ப மேல ஏறும். இப்படி கிளாக்குக்கு கிளாக் சரி பண்ணிக்கிட்டே இருக்கறதால கியூவோட சராசரி இன்புட்டுக்கு நேர் எதிரா நிக்கும், அதனால எண்ணுறதுக்கு கியூ பார் பின்னை எடுக்கணும். கியூ பார்ல எத்தனை 1 வருதோ அதான் வோல்டேஜ்.

கணக்கா பாக்கணும்னா முழு ஸ்கேல் 8, இன்புட் 3ன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு கிளாக்குக்கும் 3 கூட்டுங்க, 8 தொட்டாலோ தாண்டினாலோ 1 எழுதிட்டு 8 கழிச்சுடுங்க, இல்லன்னா 0. 3, 6, 9 (இங்க 1, மீதி 1), 4, 7, 10 (இங்க 1, மீதி 2), 5, 8 (இங்க 1, மீதி 0). வந்த பிட்டுங்க 0 0 1 0 0 1 0 1, எட்டுல மூனு. ஒவ்வொரு தடவையும் மிச்சமான பிழையை தூக்கி போடாம அடுத்த கிளாக்குக்கு கொண்டு போறோம் பாருங்க, இந்த சர்க்யூட்டோட மொத்த சக்தியும் அதுலதான் இருக்கு. டோக்கியோ யூனிவர்சிட்டில இனோசே, யாசுதா, முராகாமி 1962ல வெளியிட்ட வேலையோட மையமே இதுதான், இன்டகிரேட்டரை லூப்புக்குள்ள கொண்டு வந்தது.

பார்ட்ஸ்ல எதுக்கு காசு செலவு பண்ணணும்னு நிறைய பேர் கேக்குறாங்க. கெப்பாசிட்டர் வேல்யூ ரீடிங்கை மாத்தாது, 1 நானோவை கழட்டிட்டு 2.2 நானோ போட்டு பாருங்க, அதே நம்பர்தான் வரும், இன்டகிரேட்டர் ஆடுற உயரம் மட்டும் குறையும். ஃப்ளிப் ஃப்ளாப்போட த்ரெஷோல்ட் எங்க இருக்குன்னும் கவலையில்லை, லூப் பாத்துக்கும். ஆனா 74HC74க்கு குடுக்குற சப்ளைதான் உங்க ரெஃபரன்ஸ், அதை மறந்துட்டு மொபைல் சார்ஜர் 5 வோல்ட்டை நேரா குடுத்தா சார்ஜர் ஆடுற ஆட்டம் எல்லாம் பேட்டரி கிராஃப்ல தெரியும். நான் LM4040ல 4.096 வோல்ட் வர்ற மாடலை 5 வோல்ட்லருந்து 470 ஓம் வழியா போட்டு, ஃப்ளிப் ஃப்ளாப், ஆப்-ஆம்ப் ரெண்டையும் அதுலயே ஓட்டுறேன். 4096 கிளாக் எண்ணினா ஒரு எண்ணம் சரியா 1 மில்லிவோல்ட், பேட்டரி பக்கம் 4 மில்லிவோல்ட். 12.6 வோல்ட் பேட்டரின்னா உள்ள 3.15 வோல்ட், 4096ல 3150 ஒன்னு வரும். ரெண்டு 100 கிலோ ஓமும் ஒரே ஸ்ட்ரிப்லருந்து எடுத்த மெட்டல் ஃபிலிமா இருந்தா நல்லது, வெயில்ல ரெண்டும் சேர்ந்தே நகரும். ஆப்-ஆம்ப் ஆஃப்செட் கொஞ்சம் இருக்கும், அதை மல்டிமீட்டர் வச்சு ஒரு தடவை அளந்து கழிச்சுட்டா போதும்.

இப்ப முக்கியமான விஷயம், வேகத்தை குடுத்து ரெசல்யூஷன் வாங்குறது. எவ்ளோ குடுத்தா எவ்ளோ கிடைக்கும்னு பாத்தா அது மாடுலேட்டரை மட்டும் பொறுத்தது இல்லை, பிட் ஸ்ட்ரீமை நீங்க எப்படி சராசரி எடுக்குறீங்கங்கறதுலயும் இருக்கு. ஃபீட்பேக் இல்லாம சும்மா வேகமா சாம்பிள் பண்ணி சராசரி எடுத்தா வேகம் ரெண்டு மடங்குக்கு அரை பிட்தான் கிடைக்கும், ஒரு பிட்லருந்து 16 பிட் போகணும்னா 4^15, அதாவது 107 கோடி மடங்கு வேகம் வேணும். ஃபர்ஸ்ட் ஆர்டர் லூப் போட்டுட்டு வெறும் கவுன்டர்ல எண்ணினா ரெண்டு மடங்குக்கு ஒரு பிட். அதே பிட் ஸ்ட்ரீமை முக்கோண வடிவ வெயிட் போட்டு சராசரி எடுத்தா ரெண்டு மடங்குக்கு ஒன்றரை பிட் வரை போகலாம், ஏன்னா லூப் பிழையை எல்லாம் மேல் ஃப்ரீக்வென்சிக்கு தள்ளி வச்சிருக்கு, வெறும் கவுன்டர் அதுல ஒரு பங்கை திரும்ப உள்ள விட்டுடும், முக்கோணம் விடாது.

அந்த முக்கோண ஃபில்டருக்கு பெருக்கலே வேண்டாம். ஒவ்வொரு கிளாக்குக்கும்:

```c
a1 += bit;
a2 += a1;
```

256 கிளாக்குக்கு ஒரு தடவை:

```c
d = a2 - p2;  p2 = a2;
y = d - p1;   p1 = d;
```

எல்லாம் `uint32_t`, நிரம்பி சுத்தி வந்தாலும் கழித்தல்ல சரியாயிடும். `y`யோட முழு ஸ்கேல் 256×256. கவுன்டர்ல 12 பிட் வேணும்னா 4096 கிளாக், 41 மில்லிசெகண்ட். இதுல 512 கிளாக், 5 மில்லிசெகண்ட் சொச்சம், பெரும்பாலான வோல்டேஜுக்கு கிட்டத்தட்ட அதே தரம். பழைய கவுன்டர் கோடை எடுத்துட்டு இதை போட்டதுதான் இந்த போர்டுல நான் பண்ணதுலயே பெரிய மாற்றம், ஒரு பைசா செலவு இல்லை.

பெரும்பாலானன்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. கிராஃபை உத்து பாத்தா ஒரு இடத்துல மட்டும் வித்தியாசமா இருக்கும்: பேட்டரி 12.288 வோல்ட் பக்கத்துல வரும்போது கோடு படுத்துடும், பேட்டரி மெதுவா இறங்கினாலும் நம்பர் 12.288லயே நிக்கும், நடுநடுவுல 16 மில்லிவோல்ட் அளவுக்கு ஒத்தை முள்ளு மாதிரி குத்தும். பேட்டரியோட குணம் இல்லை இது. 12.288ஐ நாலா வகுத்தா 3.072, அது 4.096ல சரியா முக்கால். முக்கால்ல மாடுலேட்டர் 1110 1110ன்னு ஒரே பாட்டை பாடிட்டு இருக்கும், இன்புட் அதுலருந்து ஒரு துளி தள்ளி இருந்தா எப்பவாவது ஒரு தடவை 11110ன்னு நழுவும். அந்த துளி 1 மில்லிவோல்ட்னா நழுவல் செகண்டுக்கு 98 தடவை வரும், 0.1 மில்லிவோல்ட்னா 10 தடவைதான். ஃபில்டர் பாக்குற ஜன்னல் 5 மில்லிசெகண்ட், நழுவல் 100 மில்லிசெகண்டுக்கு ஒன்னு, அப்ப பெரும்பாலான ஜன்னல்ல நழுவலே இருக்காது, ஃபில்டருக்கு தெரியறது சுத்தமான முக்கால்தான். நழுவல் விழுந்த ஜன்னல்ல மட்டும் முள்ளு. இதைத்தான் ஐடில் டோன்னு சொல்றாங்க. சரியா பாதில, அதாவது பேட்டரி பக்கம் 8.192ல, இது இன்னும் பெருசா இருக்கும், ஆனா ஓடுற பேட்டரி அங்க வராது, முக்கால்லதான் தினம் வந்து உக்காருது. ஒன்றரை பிட்ங்கற கணக்கு பிழையை ரேண்டம்னு நினைச்சு போட்டது, இந்த மாதிரி எளிய பின்னங்கள் பக்கத்துல அது எடுபடாது.

இதுக்கு நான் போட்டிருக்க மருந்து டிதர். அதே டைமர்லருந்து கிளாக்கை 256ஆ வகுத்து, 390 ஹெர்ட்ஸ் சொச்சம் வர்ற சதுர அலையை 4.096 லெவல்ல 10 மெகா ஓம் வழியா மைனஸ் பின்ல விடுறேன். இந்த ஃப்ரீக்வென்சியை எடுத்ததுக்கு காரணம், 256 கிளாக் ஃபில்டருக்கு சரியா அங்கதான் பூஜ்யம், அதனால போட்ட அலை ரீடிங்ல தெரியாது, அதோட சராசரி 2.048ங்கறதால ஆஃப்செட்டும் சேராது. இன்டகிரேட்டரை மட்டும் ஒரு ஸ்டெப்ல பாதிக்கு மேல முன்ன பின்ன தள்ளிக்கிட்டே இருக்கும், முக்கால் பாட்டு கால் ஸ்டெப் அகலம்தான், அதை உடைக்க இது தாராளம். முள்ளு நல்லாவே அடங்கிடுச்சு, கோடு சரிவா இறங்குது.

சரி, ரெசல்யூஷன் இன்னும் வேணும்னா கிளாக்கை ஏத்திக்கிட்டே போகலாமேன்னா அங்க ஒரு சுவர் இருக்கு. கியூ மேல ஏறுற நேரமும் கீழ இறங்குற நேரமும் ஒன்னா இருக்காது. வித்தியாசம் 5 நானோசெகண்ட்னு வச்சுக்கிட்டா, பாதி ஸ்கேல்ல 1010ன்னு ஆடும்போது 20 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை அந்த பிழை சேரும், 0.025 சதவீதம், சுமார் 1 மில்லிவோல்ட். கிளாக்கை 400 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினா 4 மில்லிவோல்ட். ஆஃப்செட்டா இருந்தா கழிச்சுடலாம், ஆனா ஸ்கேலோட ரெண்டு ஓரத்துல மாற்றம் குறைவுங்கறதால பிழையும் குறைவு, நடுவுல அதிகம், கோடு கூடாரம் மாதிரி வளையும். கண்டுபிடிக்கிறது சுலபம்: இன்புட்டுக்கு 2.048 வோல்ட் குடுத்து 100ல ஒரு தடவை, கெப்பாசிட்டரை கால்வாசியாக்கி 400ல ஒரு தடவை அளங்க, அப்புறம் 0.1 வோல்ட்ல அதையே பண்ணுங்க. நடு நகர்ந்து ஓரம் நகராம இருந்தா இந்த வியாதிதான். கியூவை கிளாக்கோட ஒரு ஆண்ட் கேட்ல சேர்த்து, ஒவ்வொரு 1ம் தனி பல்ஸா போற மாதிரி பண்ணா ஏற்ற இறக்க எண்ணிக்கை 1களோட எண்ணிக்கைக்கு சமமாயிடும், வளைவு போய் வெறும் கெயின் பிழையா மாறும். ஆனா ஃபீட்பேக் பாதியாகும், பயாஸ், ரெசிஸ்டர் எல்லாம் திரும்ப கணக்கு போடணும். எனக்கு பேட்டரிக்கு 100 கிலோஹெர்ட்ஸே போதும்னு விட்டுட்டேன்.

ஒரே மாடுலேட்டர்ல பேட்டரியும் பேனலும் மாத்தி மாத்தி அளக்க நினைச்சா, சுவிட்ச் பண்ணதும் வர்ற முதல் ரெண்டு ரீடிங்கை தூக்கி போடணும், ஃபில்டர்குள்ள பழைய சேனலோட பிட்டுங்க 512 கிளாக் வரை கிடக்கும். அதுக்கு பதிலா நான் பேனலுக்கு தனியா இன்னொரு MCP6002 போட்டுட்டேன், 74HC74ல ரெண்டாவது ஃப்ளிப் ஃப்ளாப் ஏற்கனவே சும்மாதான் இருந்துச்சு.