கம்பெனி வாரியா அடுக்கலாமா, ஓட்டம் பார்த்து அடுக்கலாமா?

டூவீலர் ஸ்பேர்ஸ் ஹோல்சேல் பண்றோம். குடோன் 30 மீட்டர் நீளம், சரக்கு வெளிய போறதுக்கு ஒரு ஓரத்துல ஒரே கதவு. போன வருஷம் வரைக்கும் கம்பெனி வாரியா அடுக்கியிருந்தோம், இப்ப நல்லா ஓடுற ஐட்டத்தை எல்லாம் கதவு பக்கம் கொண்டு வந்துட்டோம். நான் மாத்துன ஆளு, அதனால புதுசு பக்கம்தான் சாய்வேன்.

கம்பெனி வாரியா வச்சா புதுப் பையன்கூட ரெண்டே நாள்ல பழகிடுவான், ஸ்டாக் எண்றதும் ஈஸி. பிரச்சனை நடைதான். பிரேக் ஷூ 24 மீட்டர் உள்ள இருந்துச்சு, போய்வர 48, தினம் ஒரு 35 பில்லுல வரும், பில்லுக்கு ஒரு நடைன்னா 1,680 மீட்டர். 6 மீட்டர்ல வச்சா 420. ஆனா இது பேப்பர் கணக்குங்க. அதே பில்லுல ஒரு சைலன்சர் இருந்தா பையன் கடைசி ரேக் வரைக்கும் போய்த்தானே ஆகணும்? அதனால பிரேக் ஷூவோட சேர்ந்து பில்லாகுற கிளட்ச் கேபிள், ஏர் ஃபில்டரையும் முன்னாடி வச்சோம், அப்பதான் பாதி பில் முன் ரேக்கோட முடிய ஆரம்பிச்சுது.

எது ஓடுற ஐட்டம்ங்கிறதுல முதல்ல சொதப்பினேன். வித்த எண்ணிக்கை பார்த்து நட்டு, வாஷரை முன்னாடி வச்சேன். அது 500 போகும், ஆனா மூணே பில்லுல. ஸ்பார்க் பிளக் ஒண்ணு ரெண்டா போகும், 40 பில்லுல வரும். எண்ண வேண்டியது எத்தனை பில்லுல வருதுங்கிறதை.

இதுல உண்மையான தலைவலி பராமரிப்பு. ஓட்டம் மாறிட்டே இருக்கும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை லிஸ்ட் எடுத்து இடம் மாத்தலைன்னா செத்த சரக்கு கதவுகிட்ட உக்காந்துக்கும். மாத்துறப்பவும் ஆபத்து இருக்கு, புது லோடை புது ரேக்குல போட்டுட்டு பழைய மிச்சத்தை அங்கயே விட்டுட்டா ஒரே ஐட்டம் ரெண்டு இடத்துல. பையன் "இல்லண்ணே"ன்னு வருவான், கம்ப்யூட்டர்ல 12 காட்டும், அப்படி வாரத்துல ரெண்டு தடவை ஆனா இடமாத்தம் அரைகுறையா நடந்திருக்குன்னு அர்த்தம். பெட்டி நசுங்குற வரைக்கும் பழைய சரக்கு அங்கயே கிடக்கும் வேற. இப்ப ஒரு தடவைக்கு 10 ஐட்டம்தான், அதுவும் ஞாயித்துக்கிழமை, மிச்சத்தை முழுசா தூக்கி, லேபிளும் கம்ப்யூட்டர் இடமும் மாத்தின பிறகுதான் அடுத்த ஐட்டத்தை தொடுவோம்.

எங்ககிட்ட எடுக்கிறது ரெண்டே பையன்க, அதனால கதவுகிட்ட நெரிசல் இல்ல. பத்து பேர் எடுக்கிற குடோனுக்கு என் அனுபவம் பத்தாது, அங்க எல்லாத்தையும் ஒரே சந்துல வச்சா இடிச்சுக்குவாங்கன்னு நினைக்கிறேன், ரெண்டு மூணு சந்தா பிரிக்கணும். மொத்தமே 200 ஐட்டம்தான், குடோனும் சின்னதுன்னா கம்பெனி வாரியாவே விட்டுடுங்க, மிச்சமாகுற நடை ஞாயித்துக்கிழமை கூலிக்கே கட்டாது.