துறைக்கு ஒரு ரவுட்டரா, ஒரே ரவுட்டரில் விஆர்எஃபா?

கணக்குத் துறையும் ஆய்வகமும் 192.168.10.0/24 என்ற ஒரே முகவரி வரம்பை வைத்திருக்கின்றன, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழி இரண்டு: துறைக்கு ஒரு தனி ரவுட்டர், அல்லது ஒரே ரவுட்டருக்குள் தனித்தனி ரூட்டிங் டேபிள்களை வைக்கும் விஆர்எஃப்.

செலவு: தனி ரவுட்டர் என்றால் பெட்டி, மின்சாரம், பராமரிப்பு எல்லாமே இரட்டிப்பு. விஆர்எஃபில் பெட்டி ஒன்றுதான், ரூட்டிங் டேபிள் மட்டும் இரண்டு, அதனால் முகவரிகள் மோதாது.

பழுது: தனி ரவுட்டரில் ஒன்று விழுந்தால் மற்றது ஓடும். விஆர்எஃபில் சிபியு, மெமரி, மின்சாரம் எல்லாம் பொது, பெட்டி போனால் இரு துறையும் போகும்.

எளிமை: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில், ஐபி உள்ள இன்டர்ஃபேஸை விஆர்எஃபில் சேர்த்தவுடன் அந்த ஐபி அழிந்துவிடும், திரும்பப் போட வேண்டும். ஆகவே அதே இன்டர்ஃபேஸ் வழியாகத் தொலைவிலிருந்து நுழைந்து இதைச் செய்யாதீர்கள், இணைப்பு அறுந்துவிடும். அப்புறம், `show ip route` எந்த விஆர்எஃபிலும் சேராத பொது டேபிளை மட்டுமே காட்டும். துறையின் ரூட்டைப் பார்க்கவும் பிங் செய்யவும் அதன் விஆர்எஃபின் பெயரையும் சொல்ல வேண்டும்:

```
show ip route vrf ACCOUNTS
ping vrf ACCOUNTS 192.168.10.5
```

ஒரு துறை நின்றாலும் மற்றது நிற்கக் கூடாது என்றால் தனி ரவுட்டர். பிரிவு மட்டும் போதும் என்றால் நான் விஆர்எஃபைத்தான் எடுப்பேன்.